இறாத்தல் விலையைக் கிலோ விலையாக்க

கனடாவில் இருக்கும் அக்கா, “இங்கே திராட்சை 2.99 தான்” என்று சொன்னதும், அதை அப்படியே ரூபாயாக்கி, திருகோணமலைச் சந்தை விலையோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். அங்கே கடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது இறாத்தல் விலை. இறாத்தல் என்றால் 454 கிராம். நாம் வாங்குவதோ கிலோக் கணக்கில்.

முதலில் கிலோ விலையைப் பிடியுங்கள். இறாத்தல் விலையை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒன்றைக் கூட்டுங்கள். 2.99 இரட்டித்தால் 5.98, அதோடு 0.60 சேர்த்தால் 6.58 டொலர். அப்புறம்தான் நாணய மாற்று. கனடா டொலர் 220 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ சுமார் 1,450 ரூபாய். நேரடியாகப் பெருக்கியிருந்தால் 658 என்று வந்து, பாதிக்கும் குறைவாகக் காட்டியிருக்கும்.

கிலோ விலை இறாத்தல் விலையின் இரண்டு மடங்கைத் தாண்டாவிட்டால் கணக்கு பிழை. பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருப்பீர்கள். அமெரிக்க டொலரா, கனடா டொலரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டின் பெறுமதியும் வேறு. மாம்பழம், அவகாடோ போன்றவை அங்கே பெரும்பாலும் ஒரு பழம் இவ்வளவு என்றே விற்கப்படும். அதற்கு இந்தக் கணக்கு சரிவராது, பழத்தின் நிறை தெரிந்தால்தான் ஒப்பிடலாம்.