ஆய்வேட்டின் 'வரம்புகள்' பகுதியைச் சரிபார்ப்பது எப்படி? ஒரு விசைத்தறி எடுத்துக்காட்டு

சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோன்களில் வேலை செய்பவர்களின் கேட்கும் திறனைப் பற்றிய முதுகலை ஆய்வேடு ஒன்று உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தறி ஓட்டுபவர்கள் 120 பேர்; ஒப்பிடுவதற்குக் கடைப் பணியாளர்கள் 60 பேர். தறிக்காரர்களுக்கு ஷிப்ட் முடிந்த கையோடு, அமைதியான ஓர் அறையில் செவிச் சோதனை நடந்திருக்கிறது. முடிவுகள் இரண்டு. கடைப் பணியாளர்களைவிடத் தறிக்காரர்களுக்குக் கேள்விக் குறை அதிகம். தறிக்காரர்களுக்குள்ளேயும், ஒரே வயதினரை ஒப்பிட்டால், அதிக ஆண்டுகள் தறி ஓட்டியவர்களுக்குக் குறை கூடுதல்.

வரம்புகள் பகுதியில் மூன்றே வரிகள்: காலமும் பணமும் போதவில்லை, சோமனூர் வட்டாரம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது, 120 பேர் மட்டுமே சோதிக்கப்பட்டனர்.

படி 1: அந்தப் பகுதியை முதலில் படிக்காதீர்கள்

ஆய்வு முறை இயலை மட்டும் படித்து, உங்களுக்குச் சந்தேகம் வரும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர் ஒப்புக்கொண்ட குறைகளை முதலில் பார்த்துவிட்டால், அவர் சொல்லாமல் விட்டதைத் தேடும் கண் மங்கிவிடும். இந்த ஆய்வேட்டில் நான் குறிப்பது இரண்டு: 'ஷிப்ட் முடிந்த கையோடு' என்ற சொற்கள், 'இப்போது வேலையில் இருப்பவர்கள்' என்ற சொற்கள். மூன்று வரிகளில் இவை இரண்டுமே இல்லை.

படி 2: எல்லையையும் குறையையும் பிரியுங்கள்

சோமனூரை மட்டும் எடுத்தது மாணவர் தெரிந்தே வகுத்த ஆய்வு எல்லை. அது முதல் இயலுக்குப் போகட்டும். காலம், பணம் பற்றிய வரி எந்த முடிவையும் தொடவில்லை, அடித்துவிடலாம். 120 என்ற எண்ணிக்கையைக் குறையென்று சொன்னால், அதனால் எந்த மதிப்பீடு எவ்வளவு தளர்ந்தது என்றும் சொல்ல வேண்டும்.

படி 3: ஒவ்வொரு குறையும் முடிவை எந்தப் பக்கம் தள்ளுகிறது?

பணிவாக எழுதுவதையே நேர்மை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கேள்வியில்தான் உண்மையான நேர்மை தெரியும். ஆய்வின் மதிப்பும் இங்கேதான் காப்பாற்றப்படுகிறது.

பல மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்ற காது தற்காலிகமாக மந்தமாகிவிடும். ஓய்வு கிடைத்தால் பெரும்பகுதி தேறும். அதனால்தான் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள், அடிப்படைச் செவிச் சோதனைக்கு முன் 14 மணி நேரம் வேலையிடச் சத்தம் காதில் படக்கூடாது என்கின்றன. இங்கே அந்த இடைவெளி இல்லை. ஆகவே தறிக்காரர்களின் நிரந்தரக் குறை உள்ளதைவிட அதிகமாகப் பதிவாகியிருக்கலாம். கடைப் பணியாளர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதால், முதல் முடிவு வீங்கியிருக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது குறை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. காது மிகவும் கெட்டவர்களில் சிலர் தறி வேலையை விட்டே போயிருப்பார்கள். குடோனில் எஞ்சி நிற்பவர்களை மட்டும் அளந்தால் பாதிப்பு குறைவாகத்தான் தெரியும். நீண்டகாலத் தொழிலாளர்களிடம் இந்த விடுபடல் கூடுதலாக இருக்கும்.

படி 4: எந்த முடிவு நிற்கிறது?

முதல் முடிவு தளர்கிறது. அதன் அளவை நம்ப முடியாது. இரண்டாவது பெரும்பாலும் நிற்கிறது. புதியவர், பழையவர் எல்லோருமே ஷிப்ட் முடிந்துதான் சோதிக்கப்பட்டார்கள். தற்காலிக மந்தம் இரு தரப்புக்கும் உண்டு. அது மட்டுமே ஆண்டுக்கணக்கில் ஏறும் குறையை உண்டாக்கியிருக்கும் என்று சொல்வது கடினம். வேலையை விட்டவர்களின் விடுபடலோ அந்த ஏற்றத்தைக் குறைத்தே காட்டும்.

முடிந்தால் 20 பேரையாவது வார விடுமுறைக்கு மறுநாள் காலை, தறியைத் தொடும் முன், மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் முதல் முடிவின் வீக்கத்தைத் தோராயமாகச் சொல்லிவிடும்.

படி 5: திருத்தி எழுதச் சொல்லுங்கள்

மூன்று வரிகளுக்குப் பதிலாக இப்படி இருக்கலாம்:

"ஷிப்ட் முடிந்தவுடன் சோதித்ததால் தறிக்காரர்களின் நிரந்தரக் கேள்விக் குறை கூடுதலாகப் பதிவாகியிருக்கலாம், கடைப் பணியாளர்களுடனான ஒப்பீட்டின் அளவை எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். வேலையை விட்டவர்கள் சேர்க்கப்படாததால், பணி ஆண்டுகளோடு குறை கூடும் போக்கு இங்கே காட்டியதைவிட வலுவாக இருக்கக்கூடும்."

இதற்கு மேல் ஒரு மன்னிப்பு வரிகூட வேண்டாம். 'இவ்வாய்வு மிகச் சிறிய முயற்சியே' என்று எழுதியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அது எந்தக் குறையையும் விளக்கவில்லை, நிற்கும் முடிவையும் சேர்த்துச் சாய்க்கிறது.

பிறகு ஆய்வுச் சுருக்கத்தையும் கடைசி இயலையும் திறந்து, 'காரணம்' என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரே ஒரு முறை அளந்த ஆய்வு இது, அதை வைத்து மட்டும் காரணத்தை நிறுவ முடியாது. வரம்புகளில் அடக்கமாகப் பேசிவிட்டு, சுருக்கத்தில் 'தறிச் சத்தமே கேள்விக் குறைக்குக் காரணம் என நிறுவப்பட்டது' என்றிருந்தால் அந்த வரியும் மாற வேண்டும்: 'ஒரே வயதினரிடையே, தறி ஓட்டிய ஆண்டுகள் கூடக் கூடக் கேள்விக் குறையும் கூடுதலாகக் காணப்பட்டது.'