அமைதியான முயலுக்கும் கினிப் பன்றிக்கும் பெயர் வைப்பது எப்படி?

கூண்டில் வளரும் முயலும் கினிப் பன்றியும் நாம் வைக்கும் பெயரின் பொருளை அறியப் போவதில்லை. அவற்றுக்கு அது வெறும் ஓசைதான். ஆனால் அந்த ஓசையைத் தினமும் கேட்கப் போகின்றன. இரண்டுமே மற்ற விலங்குகளுக்கு இரையாகும் இனங்கள். காதுதான் அவற்றின் முதல் காவல். மனிதக் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ். இவை 40,000 ஹெர்ட்ஸைத் தாண்டிய ஓசைகளையும் கேட்கும். அதனால் பெயரின் அழகை விட, அதை மெதுவான குரலில் கூப்பிட வருமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 1: ஒரு வாரம் பெயரில்லாமல் இருக்கட்டும்

வீட்டுக்கு வந்த அன்றே பெயர் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் முதல் சில நாட்களில் நீங்கள் பார்க்கும் அமைதி பெரும்பாலும் பயம். புது இடத்தில் கினிப் பன்றி அசையாமல் உறைந்து நிற்கும். முயல் மூலையில் உடலைச் சுருக்கி, காதுகளை முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதைப் பார்த்துவிட்டு 'மௌனி' என்று பெயர் வைத்தால், பத்து நாளில் அது கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டு தீனிக்காகக் 'கீ கீ' என்று கத்தும்!

பயம் போன பிறகும் மிஞ்சும் அமைதிதான் அதன் இயல்பு. முயல் பக்கவாட்டில் சாய்ந்து, பின்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கும். தலையைத் தடவினால் பற்களை லேசாக உரசும். காதை அருகில் கொண்டுபோனால்தான் அந்தச் சத்தம் கேட்கும். கினிப் பன்றி நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே உலர்புல்லைத் தொடர்ந்து மெல்லும். இவையெல்லாம் நிம்மதியின் அடையாளங்கள்.

ஒன்றை மட்டும் அமைதி என்று எண்ணிவிடாதீர்கள். நன்றாகத் தின்றுகொண்டிருந்த விலங்கு திடீரென்று தீனியைத் தொடாமல், புழுக்கை போடாமல், பற்களை நறநறவென்று கடித்தபடி குறுகி உட்கார்ந்திருந்தால் அது வலி. அரை நாள் காத்திருப்பதே ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

படி 2: மெல்லிய எழுத்துகளிலிருந்து தேடுங்கள்

இதற்குத் தமிழே வழி வைத்திருக்கிறது. ந, ம, ன, ண போன்ற மெல்லினமும், ய, ல, வ, ழ, ள போன்ற இடையினமும் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். ட்ட, க்க, ச்ச, ற்ற என்று இரட்டித்து வரும் வல்லினம் தட்டுவது போல ஒலிக்கும். 'டக்கர்' என்றும் 'நிலா' என்றும் ஒரு முறை கிசுகிசுப்பாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவதைக் கிசுகிசுத்தாலும் ஒரு வெடிப்பு இருக்கும். 'ஸ்', 'ஷ்' நிறைந்த பெயர்களையும் நான் தவிர்ப்பேன். எதையாவது விரட்டும்போது நாம் போடும் சத்தத்துக்கு அவை மிகவும் பக்கத்தில் இருக்கின்றன.

இரண்டு மூன்று எழுத்துகள் போதும். கடைசியில் உயிரொலி வந்தால் இன்னும் நல்லது, குரலை உயர்த்தாமலேயே இழுத்துக் கூப்பிடலாம். நிலா, முல்லை, அல்லி, யாழினி, மேனி, வானி எல்லாம் இந்த வகை. மேகம், வேனில், மௌவல், நிழல் போன்றவை மெய்யில் முடிந்தாலும் மென்மை குறையாதவை.

சில பெயர்களில் பொருளும் ஓசையும் ஒத்துப்போகாது. முகர்ந்தாலே வாடிவிடும் என்று சொல்லப்படும் அனிச்சம், கூச்சமுள்ள ஒரு முயலுக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் நடுவில் 'ச்ச' வந்து இடிக்கிறது. அப்படி மனசுக்குப் பிடித்துவிட்டால் முழுப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, கூப்பிடும்போது 'அனி' என்று மட்டும் அழையுங்கள்.

படி 3: மாறக்கூடியதை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள்

குட்டியில் ஆணா பெண்ணா என்று தவறாகச் சொல்லிவிடுவது சகஜம். மருத்துவர் பார்த்து உறுதி செய்யும்வரை இரு பாலுக்கும் பொருந்தும் பெயரே நல்லது. நிறமும் அப்படித்தான். முயல்குட்டியின் முதல் ரோமம் உதிர்ந்து வேறு சாயலில் வளரலாம். ஹிமாலயன் வகைக் கினிப் பன்றி வெள்ளையாகப் பிறந்து, மூக்கும் காதும் பாதமும் பிறகுதான் கறுக்கும்.

படி 4: ஜோடியாக இருந்தால் இரு பெயரையும் சேர்த்து யோசியுங்கள்

கினிப் பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்பதால் பலருக்கும் இந்தக் கேள்வி வரும். ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். ஒன்று பழுப்பு, நெற்றியில் வெள்ளைத் திட்டு; கூண்டைத் திறந்தால் மூக்கை நீட்டிக்கொண்டு முன்னால் வரும். மற்றொன்று கறுப்பு, முதுகில் சுழிகள். விளக்கை மங்கலாக்கிய பிறகுதான் ஒளிவிடத்திலிருந்து வெளியே வரும்.

முதலில் தோன்றுவது நிலா, நீலா. சேர்த்துச் சொல்ல அழகுதான். ஆனால் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும், இரண்டுமே ஓடி வரும் அல்லது இரண்டுமே கண்டுகொள்ளாது. முதல் எழுத்தும் கடைசி ஓசையும் வேறாக இருக்க வேண்டும். நெற்றித் திட்டுக்காரிக்கு நிலா இருக்கட்டும். இருட்டியபின் வெளியே வருவதற்கு, மாலையில் மலரும் முல்லை. ஒன்று 'ஆ' என்று விரிகிறது, மற்றது 'ஐ' என்று அடங்குகிறது. குழப்பமே இல்லை. வீட்டில் யாருடைய பெயரோடும் மோதுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 5: கூண்டருகில் சொல்லிப் பாருங்கள்

அது புல் தின்னும் நேரத்தில், கூண்டுக்குப் பக்கவாட்டில் கைநீளத் தூரத்தில் தரையில் உட்காருங்கள். பக்கவாட்டில் ஏனென்றால், கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் முயலுக்கு மூக்கின் நேர் முன்னால் இருப்பது தெரியாது. மேலிருந்து குனிந்தால் இரை தேடும் பறவை போலத் தோன்றும். பேசும் குரலை விடச் சற்றே தாழ்த்தி, இடைவெளி விட்டு மூன்று முறை பெயரைச் சொல்லுங்கள்.

ஒரு நொடி மெல்லுவதை நிறுத்தி, காதைத் திருப்பி, மறுபடியும் மென்றால் பெயர் சரி. உறைந்து நின்றாலோ, பின்னங்காலால் தரையை அறைந்தாலோ, ஒளிவிடத்துக்கு ஓடினாலோ, முதலில் உங்கள் குரலை இன்னும் தாழ்த்தி அடுத்த நாள் பாருங்கள். அதன் பிறகும் அதே கதை என்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள்.

படி 6: பெயரோடு நல்லதை மட்டும் சேருங்கள்

பெயரைச் சொன்ன உடனே, ஓரிரு நொடிக்குள், ஒரு கொத்தமல்லி இலையை நீட்டுங்கள். தினமும் இரண்டு வேளை, ஒரு வேளைக்கு நாலைந்து முறை போதும். சில வாரங்களில் பெயரைக் கேட்டதும் தலை திரும்பும்.

இங்கே பலரும் கெடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. நகம் வெட்ட, மருந்து புகட்ட, கூண்டுக்குள் திரும்ப அடைக்கப் பிடிக்கும்போதெல்லாம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. அப்புறம் அந்தப் பெயர் அதற்கு எச்சரிக்கை மணி ஆகிவிடும், கேட்டதும் ஒளியும். அந்த வேலைகளைப் பெயர் சொல்லாமல் செய்யுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால், பழைய பெயரை அடியோடு விட்டுவிட்டு, ஓசையில் அதற்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத புதுப் பெயரோடு இதே படியை முதலிலிருந்து தொடங்கலாம்.