ஆற்காடு பேடாப் பெட்டிக்கு ஒரு வேலை ஒப்பந்தம்: புதிய டிசைனர்களுக்குப் படிப்படியாக

வேலூரில் தனியாக டிசைன் வேலை செய்யத் தொடங்கிய முதல் ஆண்டில், ஒரு கடைக்கு அட்டைப்பெட்டி வடிவமைத்துக் கொடுத்தேன். ‘அச்சடித்து வந்ததும் மீதிப் பணம்’ என்று வாய்வார்த்தையாகப் பேசியிருந்தோம். வேலை இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. அவர்கள் அச்சடித்ததோ எட்டு மாதம் கழித்து. கடைக்காரர் ஏமாற்றவில்லை, பேசியபடியே நடந்துகொண்டார். தவறு பேச்சில் இருந்தது. வேலை எப்போது ‘முடிந்தது’ என்று நாங்கள் இருவரும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

வேலை விவர ஒப்பந்தத்தை, அதாவது ஸ்டேட்மென்ட் ஆஃப் வொர்க் என்கிற எஸ்.ஓ.டபிள்யூ.வை, அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுதும் தாளாகவே இன்று நான் பார்க்கிறேன். எதைக் கொடுத்தால் முடிந்தது, எந்த நாளில் முடிந்தது, முடிந்ததும் எவ்வளவு பணம், முடியவிடாமல் யாராவது தாமதித்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வந்துவிட வேண்டும். ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கும் ஒரு குடும்பக் கடைக்கு நான் எழுதியதை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். கடையை மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்துகிறார்கள். தீபாவளிக்குக் கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ என மூன்று அளவில் புதிய பெட்டி வேண்டும் என்றார்கள்.

படி 1: ஒப்படைப்பதைப் பொருளாக எழுதுங்கள்

‘பெட்டி டிசைன்’ என்று எழுதினால் அவர் மனதில் பெட்டி, பை, பெயர்ப்பலகை, வாட்ஸ்அப் விளம்பரம் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். அவர் மீது குறை இல்லை, அந்தச் சொல் அவ்வளவு அகலம். ஆகவே, கையில் எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளாக எழுத வேண்டும். இந்த வேலைக்கு நான் எழுதியது இது:

> அரை கிலோ பெட்டிக்கு இரண்டு மாதிரி வடிவங்கள். அவற்றுள் கடை தேர்ந்தெடுக்கும் ஒன்றுக்கு இரண்டு திருத்தச் சுற்றுகள். ஒப்புதல் கிடைத்த வடிவத்தைக் கால் கிலோ, ஒரு கிலோ அளவுகளுக்குப் பொருத்துதல். மூன்று அளவுகளுக்கும் அச்சுக்கான பி.டி.எஃப். கோப்புகள், நான்கு வண்ண அச்சு முறையில், சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு விளிம்புடன்.

அதற்கடுத்த வரியில் இதில் சேராதவற்றையும் எழுதினேன்: அச்சுக் கூலி, புகைப்படம் எடுத்தல், கைப்பை, பெயர்ப்பலகை. இந்த வரியைச் சேர்க்கப் பலருக்கும் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, “கைப்பைக்குத் தனியாக எவ்வளவு ஆகும் தம்பி?” என்றுதான் கேட்டார். கோபப்படவே இல்லை.

‘திருத்தச் சுற்று’ என்பதற்கும் விளக்கம் எழுத வேண்டும். பெரியவர் பெட்டியில் ஆற்காட்டின் பழைய கோட்டை வாயிலான டெல்லி கேட் படம் வேண்டும் என்றார். இரண்டாமவர் அப்பாவின் புகைப்படம் இருக்க வேண்டும் என்றார். இளையவர் சிவப்பு நிறம் வேண்டாம் என்று இரவு பத்து மணிக்குக் குரல்பதிவு அனுப்பினார். இவை ஒவ்வொன்றையும் ஒரு சுற்றாகக் கணக்கிட்டால் அவர்களுக்கு அநியாயம், எதையுமே கணக்கிடாவிட்டால் எனக்கு. அதனால் இப்படி எழுதினேன்: ‘குடும்பத்தார் அனைவரின் கருத்தையும் சேர்த்து, மூத்தவர் ஒரே செய்தியாக எழுதி அனுப்புவது ஒரு சுற்று. ஒப்புதலும் அவரிடமிருந்து எழுத்தில் வந்தால்தான் ஒப்புதல். மூன்றாம் சுற்றிலிருந்து சுற்றுக்கு ₹1,500.’ குடும்பக் கடை எதுவானாலும் ஒப்புதல் தருபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். அவர் யார் என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

படி 2: அவர்கள் தர வேண்டியதை எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் பகுதி இதுதான். தன் பொறுப்பைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், எதிர்த்தரப்பின் பொறுப்புக்கு ஒரு வரிகூட இருக்காது. ஆனால் வேலை நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான்.

மக்கன் பேடா பாகில் ஊறும் இனிப்பு. நேராக அட்டையில் வைக்க முடியாது, உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா வேண்டும். பெட்டியின் நீள அகல உயரம் அந்த டப்பாவைப் பொறுத்தது. ஆகவே மூன்று அளவு டப்பாக்களையும் நேரில் தர வேண்டும் என்பது முதல் பொறுப்பு. அவற்றை வைத்து, பெட்டியை எங்கே வெட்டி எங்கே மடிப்பது என்று காட்டி அச்சகம் தரும் டை வரைபடம் இரண்டாவது. அந்த வரைபடம் வராமல் வடிவமைக்கத் தொடங்கினால், மடிப்புக் கோடு கடைப் பெயரின் நடுவே போய் விழும்.

மூன்றாவது, பெட்டியில் அச்சாக வேண்டிய விவரங்கள்: 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், சேர்மானப் பட்டியல், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, முகவரி, எத்தனை நாளுக்குள் உண்ண வேண்டும் என்பது. இவற்றைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதாது, தட்டச்சு செய்த ஒரே கோப்பாகத் தர வேண்டும் என்று எழுதினேன். பிழைக்கு யார் பொறுப்பு என்பதும் அங்கேயே வந்துவிடும்: தந்த கோப்பில் இருந்த பிழைக்குக் கடை பொறுப்பு, கோப்பில் சரியாக இருந்ததை நான் மாற்றி அமைத்துவிட்டால் நான் பொறுப்பு. அச்சுக்கு முந்தைய கடைசிப் பிரதியைக் கடை படித்து ஒப்புதல் தந்த பிறகு வெளிப்படும் பிழைக்கு மறு அச்சுச் செலவு என்னுடையது அல்ல. இந்த மூன்று வரியும் சேர்ந்து இருந்தால்தான் நியாயமாக இருக்கும். மூன்றாவதை மட்டும் எழுதுவது தட்டிக்கழிப்பு.

நான்காவது, அப்பாவின் புகைப்படம். பெட்டியில் 7 செ.மீ. அகலத்துக்கு அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், படம் சுமார் 830 புள்ளி அகலமாவது இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த பழைய படம் பெரும்பாலும் அவ்வளவு தேறாது. ‘மூலப்படத்தை ஸ்கேன் செய்து, மின்னஞ்சலில் அனுப்பவும்’ என்று எழுதினேன்.

படி 3: நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு பெட்டி கடையில் இருக்க வேண்டும். அச்சகம் 20 நாள் கேட்டது. ஆக, தீபாவளிக்கு 30 நாள் முன்பு கோப்பு அச்சகத்தின் கையில் இருக்க வேண்டும். இனி என் கணக்கு: மாதிரிகளுக்கு 7 வேலை நாள், அவர்கள் பதில் சொல்ல 3, திருத்தங்களுக்கு 5, மீண்டும் பதிலுக்கு 3, மற்ற அளவுகளுக்கும் இறுதிக் கோப்புக்கும் 5. மொத்தம் 23 வேலை நாள். ஞாயிறு விடுமுறையைச் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு வாரம்.

இதில் 6 நாள் அவர்களுடையது என்பதைக் கவனியுங்கள். பதிலுக்கான நாட்களையும் அட்டவணையில் சேர்த்தால்தான் தாமதம் யாருடையது என்பது பேச்சில்லாமல் தெரியும். அதோடு இரண்டு வரிகள் கட்டாயம் வேண்டும்:

> முன்பணமும், மேற்சொன்ன நான்கு பொருட்களும் முழுமையாக வந்து சேர்ந்த அடுத்த வேலை நாளே முதல் நாள். பதில் எத்தனை நாள் தாமதமாகிறதோ, இறுதி நாளும் அத்தனை நாள் தள்ளிப்போகும்.

‘செப்டம்பர் 1 முதல்’ என்று தேதி போட்டுவிட்டு, டப்பா 9ஆம் தேதி வந்து சேர்ந்தால், அந்த எட்டு நாளும் உங்கள் தூக்கத்திலிருந்துதான் போகும்.

படி 4: பணத்தை உங்கள் கையிலிருக்கும் நிகழ்வோடு கட்டுங்கள்

மொத்தத் தொகை ₹36,000. இதில் 40 சதவீதம், ₹14,400, முன்பணம். 30 சதவீதம், ₹10,800, அரை கிலோ வடிவத்துக்கு ஒப்புதல் தந்த நாளில். மீதி ₹10,800, இறுதிக் கோப்புகளை ஒப்படைக்கும் முன். ‘அச்சான பின்’, ‘கடையில் விற்பனைக்கு வந்த பின்’ போன்ற சொற்கள் எங்கும் இல்லை. அவை என் கையில் இல்லாதவை. கடைசித் தவணை வரும்வரை அவர்கள் பார்ப்பதற்குக் குறுக்கே எழுத்து போட்ட, தெளிவு குறைந்த பிரதியை மட்டும் அனுப்புவேன் என்பதையும் எழுதிவிட்டேன்.

ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை, அமைதியாக இருக்கிறார்கள் என்றால்? ‘பார்வைக்கான பிரதி அனுப்பிய 15 நாளுக்குள் பதில் இல்லையெனில், அதுவரை செய்த வேலைக்கான தவணை செலுத்தத்தக்கதாகிவிடும்’ என்று ஒரு வரி. இதில் பதில் இல்லாததை ஒப்புதலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி எடுத்துக்கொண்டு கோப்பை அச்சுக்கு அனுப்பினால் பெரிய வம்பு.

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, இலவசம். செய்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணைத் தாளின் தலைப்பில் போடுங்கள். பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

படி 5: உரிமை எப்போது கைமாறுகிறது

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். ஐந்து ஆண்டு கழித்து, அந்தக் குடும்பம் தன் பெட்டியையே அச்சடிக்கத் தயங்க வேண்டிய நிலை வரலாம். ஆகவே, ‘முழுத்தொகையும் வந்து சேர்ந்த நாள் முதல், ஒப்புதல் பெற்ற வடிவத்தின் பதிப்புரிமை, அதன் முழுக் காலத்துக்கும் உலகம் முழுவதற்கும் கடைக்கு உரியது. தேர்வாகாத மாதிரி என்னுடையது’ என்று எழுதினேன். மின்னஞ்சலில் ‘சம்மதம்’ என்று வந்தாலே ஒப்பந்தம் செல்லும் என்றாலும், தாளில் கையெழுத்து வாங்குவது இந்த ஒரு வரிக்காகத்தான்.

படி 6: எதிரில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்

மொத்தம் இரண்டு பக்கம், தமிழில். பேருந்தில் ஆற்காடு போய், கடையின் பின்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். பெரியவர் ஓர் இடத்தில் கைகாட்டி நிறுத்தினார். “மூன்று நாளில் மூன்று பேரும் பேசி முடிக்க மாட்டோம் தம்பி, ஐந்தாகப் போடு.” இரண்டு இடத்திலும் ஐந்தாக்கினேன். 23 நாள் 27 ஆனது. தீபாவளிக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்ததால் தாங்கியது. திருத்திய இடங்களில் இருவரும் சிற்றொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டோம்.

அன்று மாலையே முன்பணம் வந்துவிட்டது. டப்பாக்கள் கையோடு வந்தன. அச்சகத்தின் வரைபடமும் புகைப்படமும் இரண்டு நாளில் வந்தன. உரிம எண் உள்ள கோப்பு மட்டும் ஆறாம் நாள் வந்தது. ஏழாம் நாளை முதல் நாளாகக் குறித்து, 27 நாளுக்கான தேதிகளைப் பெரியவருக்கு அனுப்பினேன்.