டெர்மினேஷன் லெட்டர்ல "வித்அவுட் ப்ரெஜுடிஸ்"னு இருந்தா என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்ல

வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்த புதுசுல டெர்மினேஷன் லெட்டர் கைக்கு வந்தா, அதுல இருக்கற ரெண்டு வாசகம்தான் நம்மாளுங்கள ரொம்ப கலங்கடிக்குது. ஒண்ணு "வித்அவுட் ப்ரெஜுடிஸ்", இன்னொண்ணு "கம்பெனி தன்னோட எல்லா உரிமைகளையும் ரிசர்வ் பண்ணிக்குது". முதல் வாசகத்த பாத்துட்டு இத யார்கிட்டயும் காட்டக்கூடாது போல, கேஸே போட முடியாது போலன்னு நினைச்சுக்கறாங்க, ரெண்டாவத பாத்துட்டு கம்பெனி நம்ம மேல கேஸ் போடப்போகுதுன்னு பயந்துடறாங்க. ரெண்டுமே தப்பு. பயத்துலயே நாள் ஓடிடும், அதுல போறதுதான் நிஜமான நஷ்டம், அதுக்கு கீழ வரேன்.

நான் இங்க சொல்றது இங்கிலாந்து சட்ட வழில வந்த நாடுகளுக்கு பொருந்தும்: பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா, கனடால கியூபெக் தவிர்த்த பகுதிகள். நேர விவரமெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், அடிப்படை ஒண்ணுதான்.

லெட்டர் வந்ததும் முதல்ல பாக்க வேண்டியது அந்த வாசகம் எங்க இருக்குன்னு. பக்கத்தோட உச்சில தனியா, தலைப்பு மாதிரி இருந்தா அது ஒரு வேலைய செய்யுது. ஒரு வாக்கியத்துக்கு நடுவுல, "கம்பெனியோட மத்த உரிமைகளுக்கு" அப்படின்னு ஒண்ணோட ஒட்டி இருந்தா முழுசா வேற வேலைய செய்யுது. வார்த்தை ஒண்ணுங்கறதால ரெண்டையும் ஒண்ணா நினைச்சு குழப்பிக்கறவங்க அதிகம், எச்ஆர்ல இருக்கறவங்களே பல பேர் அப்படித்தான்.

ஒரு உதாரணத்த வெச்சு பாக்கலாம். ஒருத்தர் டெஸ்டரா சேர்ந்து 14 மாசம் ஆச்சு, சேரும்போது ஊர் மாறி வர்ற செலவ கம்பெனி குடுத்துச்சு. ஒரு திங்கக்கிழமை எச்ஆர் கூப்பிட்டு ரெண்டு பேப்பர் குடுக்கறாங்க. முதல் பேப்பர்ல, வேலைத்திறன் போதலங்கறதால இந்த மாசம் 30ஆம் தேதியோட வேலை முடியுது, ஒரு மாச நோட்டீஸ் சம்பளம் வரும், இது கம்பெனியோட மத்த உரிமைகளுக்கு வித்அவுட் ப்ரெஜுடிஸ், குறிப்பா இடமாற்ற செலவ திரும்ப வாங்கற உரிமைய ரிசர்வ் பண்றோம்னு இருக்கு. ரெண்டாவது பேப்பரோட உச்சில பெரிய எழுத்துல வித்அவுட் ப்ரெஜுடிஸ்னு போட்டு, கம்பெனி எந்த தப்பையும் ஒத்துக்கல, ஆனாலும் வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போட்டு எல்லா கோரிக்கையையும் கைவிட்டா மூணு மாச சம்பளம் தர்றோம்னு இருக்கு. குடுத்துட்டு "ரெண்டுமே வித்அவுட் ப்ரெஜுடிஸ், வெளில காட்டாதீங்க"ன்னு சொல்றாங்க.

முதல் பேப்பர எங்க வேணா காட்டலாம். லாயர்கிட்ட, தொழிலாளர் ட்ரிப்யூனல்ல, விசா விஷயமா கேக்கற ஆபீஸ்ல, எங்கயும். ஏன்னா வேலைய முடிக்கறது ஒரு செயல், அது பேச்சுவார்த்தை கிடையாது. அந்த லெட்டர்தான் எந்த தேதில, என்ன காரணத்துக்கு முடிச்சாங்கன்னு காட்டற ஆதாரம். நடுவுல வர்ற அந்த வரிக்கு அர்த்தம், நோட்டீஸ் சம்பளம் குடுக்கறதால மத்ததையெல்லாம் கம்பெனி விட்டுக்குடுத்துடுச்சுன்னு எடுத்துக்காதீங்கங்கறது மட்டும்தான், ரகசியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்ப டெர்மினேஷன் லெட்டரோட உச்சிலயே தலைப்பா போட்டுட்டா? போட்டதால மட்டும் அது ரகசியமாகாது. கோர்ட் தலைப்ப பாக்கறதில்ல, உள்ள என்ன இருக்குன்னுதான் பாக்கும், உள்ள இருக்கறது வேலைய முடிக்கற அறிவிப்புன்னா அது அறிவிப்புதான். கம்பெனியும் அத மறைச்சா அவங்களுக்கே சிக்கல், நோட்டீஸ் எப்ப குடுத்தோம்னு அவங்களும் நிரூபிச்சாகணும் இல்லையா.

ரெண்டாவது பேப்பருக்குத்தான் தலைப்பு உண்மையிலயே வேலை செய்யுது. ஏற்கனவே ஒரு தகராறு இருக்கும்போது, அத தீக்கறதுக்காக நேர்மையா பேசற பேச்ச பின்னாடி ஒருத்தர் மேல ஒருத்தர் ஆதாரமா தூக்கிட்டு வரக்கூடாதுங்கறதுதான் அந்த விதி, இல்லன்னா யாருமே மனம் விட்டு சமாதானம் பேச மாட்டாங்க. அதனால நம்ம டெஸ்டர் "மூணு மாச சம்பளம் தர்றேன்னாங்க, அப்ப தப்பு பண்ணினத ஒத்துக்கிட்ட மாதிரிதானே"ன்னு ட்ரிப்யூனல்ல அந்த பேப்பர நீட்ட முடியாது. அவ்வளவுதான் அதோட எல்லை. சொந்த லாயர்கிட்ட தாராளமா காட்டலாம், கேஸ் போடறதயும் அது தடுக்காது. வீட்ல கூட பேசக்கூடாதுன்னு எச்ஆர் சொன்னா, அது அந்த தலைப்புல இருந்து வர்றது இல்ல, அப்படி ஒரு ரகசிய நிபந்தனைல நீங்க தனியா கையெழுத்து போட்டிருக்கீங்களான்னு பாருங்க.

தகராறுன்னு ஒண்ணு ஏற்கனவே இருக்கணும்னு சொன்னேன்ல, அது ரொம்ப முக்கியம். 2004ல இங்கிலாந்துல ஒரு வழக்கு வந்துச்சு. பிரசவ லீவ் முடிஞ்சு வந்த ஒரு பெண் தன்ன நடத்தற விதம் சரியில்லன்னு குறை சொல்லி எழுதிக் குடுத்தாங்க, கம்பெனி அவங்கள கூப்பிட்டு, இது வித்அவுட் ப்ரெஜுடிஸ்னு ஆரம்பிச்சு, பணம் வாங்கிட்டு வேலைய விட்டுடுங்கன்னு பேசினாங்க. அந்த பேச்ச ஆதாரமா காட்டலாம்னு மேல்முறையீட்டு ட்ரிப்யூனல் சொல்லிடுச்சு, ஏன்னா வேலைய விட்டு அனுப்பறத பத்தி அதுவரைக்கும் எந்த தகராறும் இருக்கல. அதனால எதுவுமே இல்லாத ஒரு நாள்ல திடீர்னு கூப்பிட்டு இந்த வாசகத்த சொல்லி போயிடுங்கன்னா, அது தானா மூடி மறைஞ்சிடாது. பிரிட்டன்ல மட்டும் 2013ல இருந்து, தகராறே இல்லன்னாலும் சாதாரண அநியாய நீக்க வழக்குகள்ல இந்த மாதிரி பேச்ச வெளில கொண்டுவராம தடுக்கற தனி சட்டம் இருக்கு, ஆனா பாரபட்சம் காட்டினாங்கங்கற வழக்குக்கு அது பொருந்தாது. பேச்சு நடந்த அன்னைக்கே தேதி, நேரம், யார் என்ன சொன்னாங்கன்னு எழுதி வெச்சுக்கோங்க, எத காட்டலாம் எத காட்டக்கூடாதுன்னு அப்புறம் லாயர் பாத்துப்பாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, இதுல மாட்டிக்கறவங்க நிறைய. வித்அவுட் ப்ரெஜுடிஸ் மெயில்ல நடக்கற பேச்சு எதுக்குமே கட்டுப்படுத்தாதுன்னு நினைச்சுட்டு "சரி, ஒத்துக்கறேன்"னு பதில் போட்டுடறாங்க. ஆஃபர ஏத்துக்கிட்டா அது ஒப்பந்தமாயிடலாம், அப்படி ஒப்பந்தம் ஆச்சா இல்லையான்னு நிரூபிக்க அதே மெயில்கள கோர்ட்ல காட்டலாம், அந்த தலைப்பு அப்ப காப்பாத்தாது. முழு ஒப்பந்தத்த படிச்சு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாத்தான் எதுவும் முடிவுன்னு ஒவ்வொரு பதில்லயும் ஒரு வரி சேருங்க.

இப்ப அந்த ரிசர்வ் பண்ற வரிக்கு வரேன். அதுக்கு ஒரே ஒரு வேலைதான், மௌனமா இருந்ததாலயோ, பணம் குடுத்ததாலயோ, வேலைய தொடர விட்டதாலயோ, ஒரு உரிமைய விட்டுக்குடுத்துட்டோம்னு ஆகிடாம பாத்துக்கறது. இல்லாத உரிமைய அது உண்டாக்காது. நம்ம டெஸ்டர் இடமாற்ற செலவ திரும்பக் குடுக்கணுமாங்கறதுக்கு பதில் டெர்மினேஷன் லெட்டர்ல இல்ல, ஆஃபர் லெட்டர்ல இருக்கு. அத எடுத்து பாத்தா, 24 மாசத்துக்குள்ள "தானா வேலைய விட்டா" திருப்பிக் குடுக்கணும்னு இருக்குன்னு வெச்சுக்கோங்க. இவர் தானா விடல, கம்பெனிதான் அனுப்புது. அப்ப அந்த ஷரத்து இவரப் பிடிக்காது, ரிசர்வ் பண்ணது வெறும் வரிதான். அதே ஷரத்துல "எந்த காரணத்தால வேலை முடிஞ்சாலும்"னு இருந்தா கதை வேற, அப்ப கம்பெனி கேக்க வாய்ப்பிருக்கு, அப்பவும் அத கடைசி சம்பளத்துல பிடிக்கலாமான்னு அந்த நாட்டு சம்பள சட்டத்த தனியா பாக்கணும்.

நடத்தைக்கு நேர் எதிரா எழுதற வரியும் ரொம்ப நாள் தாங்காது. எல்லா உரிமையும் ரிசர்வ்னு எழுதிட்டு, அந்த உரிமையே இல்லாத மாதிரி மாசக்கணக்குல நடந்துக்கிட்டா, கோர்ட் நடத்தைக்குத்தான் எடை குடுக்கும். இது நமக்கும் அப்படியேதான். சம்பளத்த ஒருதலையா குறைச்சிட்டாங்க, நீங்க "எதிர்ப்போட, என் உரிமைய விட்டுக்குடுக்காம வேலை செய்யறேன்"னு ஒரு மெயில் போட்டீங்கன்னா அது கொஞ்ச காலம் காப்பாத்தும், அந்த ஒரு மெயில வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தா ஏத்துக்கிட்டீங்கன்னு சொல்லிடுவாங்க.

எல்லாத்த விடவும் முக்கியமானது, ரெண்டு வாசகமும் கடிகாரத்த நிறுத்தாது. ஆஸ்திரேலியால அநியாய நீக்கத்துக்கு விண்ணப்பிக்க, நீக்கம் அமலுக்கு வந்ததுல இருந்து 21 நாள். சிங்கப்பூர்ல தவறான நீக்கத்துக்கு கடைசி வேலை நாள்ல இருந்து ஒரு மாசம். மலேசியால வேலைய திரும்ப கேட்டு முறையிட 60 நாள். "பேசிட்டு இருக்கோம், அவசரப்படாதீங்க"ன்னு எச்ஆர் நல்ல மனசோடவே சொல்லலாம், அதுக்காக அந்த நாள் நீளாது. நம்ம டெஸ்டர் ஆஸ்திரேலியால இருந்தா 30ஆம் தேதில இருந்து 21 நாள எண்ணி காலண்டர்ல குறிச்சிட்டுத்தான் பேச ஆரம்பிக்கணும், பேச்சு முடியலன்னா விண்ணப்பத்த போட்டுட்டு பேச்ச தொடரலாம், ஒண்ணு இன்னொண்ண தடுக்காது.

பதில் எழுதும்போது அவங்கள மாதிரியே ரெண்டு தனித்தனி மெயிலா போடுங்க. முதல் மெயில் தலைப்பு எதுவும் இல்லாம: லெட்டர் கிடைச்சுது, சொன்ன காரணத்த நான் ஏத்துக்கல, நோட்டீஸ் சம்பளத்தையும் மீதி லீவுக்கான பணத்தையும் எனக்கு சேர வேண்டியதா வாங்கிக்கறேன், என் மத்த உரிமைகள ரிசர்வ் பண்றேன், இடமாற்ற செலவ எந்த ஷரத்துப்படி கேக்கறீங்கன்னு காட்டுங்க. இது நாளைக்கு ட்ரிப்யூனல் படிக்கப்போற மெயில், அதனால பேரம் எதுவும் இதுல வேண்டாம். ரெண்டாவது மெயில்ல உச்சில வித்அவுட் ப்ரெஜுடிஸ்னு போட்டு பேரத்த பேசுங்க: மூணு மாசம் போதாது, வேலை செஞ்சதுக்கான சான்று லெட்டர் வேணும், இடமாற்ற செலவ கேக்க மாட்டோம்னு எழுத்துல வேணும், வெள்ளிக்கிழமை பத்தாது, லாயர பாக்க நேரம் வேணும். ரெண்டையும் ஒரே மெயில்ல கலந்துட்டா, நீங்க காட்ட நினைக்கற பகுதிய காட்டறதுக்கே சண்டை போட வேண்டி வரும்.

கடைசியா அந்த செட்டில்மெண்ட் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டீங்கன்னா, அதுல கைவிடறேன்னு எழுதியிருக்கற கோரிக்கைகளுக்கு நீங்க முன்னாடி பண்ணின ரிசர்வேஷன் எதுவும் உதவாது. வங்கிக் கணக்குல பணம் போட்டு "முழு இறுதி தீர்வு"ன்னு குறிப்பு வெச்சா, அந்த பணத்த செலவு பண்றதுக்கு முன்னாடியே லாயர கேளுங்க, சாதாரணமா வர வேண்டிய சம்பளமும் செட்டில்மெண்ட் பணமும் தனித்தனியா வரணும்னு முதல் மெயில்லயே கேட்டு வெச்சுக்கோங்க.