2,000 கட்டினான், 2,104 ஏறியது: கார்டு ஸ்டேட்மெண்டைப் படிப்பதில் நடக்கும் தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அண்ணன் மகன், ஜூன் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். "சித்தப்பா, பாக்கி 38,000. மாசத்துக்கு மூன்றரை சதவீதம்னா வட்டி 1,330 தானே வரணும்? 1,783 போட்டிருக்கான்" என்று கீழே ஒரு வரி. நான் புதுச்சேரியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அதனால் குடும்பத்தில் யாருக்குக் கார்டுச் சிக்கல் வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும்.

அவன் அனுப்பிய படத்திலேயே முதல் தவறு இருந்தது. அது ஸ்டேட்மெண்ட் இல்லை, ஆப்பின் முகப்புத் திரை. அதில் Outstanding என்று 44,004.60 காட்டியது. ஜூன் 20-ஆம் தேதி அவன் செய்த 900 ரூபாய் ரீசார்ஜும் அதில் சேர்ந்திருந்தது. ஸ்டேட்மெண்டோ ஜூன் 18-ஆம் தேதியே மூடிவிட்டது. அதில் உள்ள Total Amount Due 43,104.60 மட்டும்தான். கணக்கு போட இந்த எண்தான் வேண்டும். கூடவே பரிவர்த்தனைப் பட்டியல் உள்ள பக்கமும், வட்டி விகிதம் அச்சிட்ட பக்கமும் வேண்டும். தேதிகள் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு வட்டியைச் சரிபார்க்க முடியாது. முழு பிடிஎஃப் அனுப்பச் சொன்னேன், கார்டு எண்ணை மறைத்துவிட்டு.

அதில் இருந்த கதை இதுதான். மே 12 அன்று லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் 40,000-க்கு ஃபிரிட்ஜ். மே 18 ஸ்டேட்மெண்டில் மொத்தம் 40,000, குறைந்தபட்சத் தொகை 2,000, கெடு ஜூன் 7. அவன் கெடு நாளில் சரியாக 2,000 கட்டிவிட்டான். நடுவில் ஜூன் 1 அன்று பள்ளி திறப்புக்காக ஷூ, பை என்று 3,000 தேய்த்திருக்கிறான். வட்டி மாதம் 3.5, அதாவது வருடத்துக்கு 42 சதவீதம்.

அவன் செய்த இரண்டாவது தவறு, பாக்கிக்கு மட்டும்தான் வட்டி என்று நினைத்தது. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டியில்லாத நாட்கள் கிடைக்கும். ஒரு பகுதியை விட்டாலும் அந்தச் சலுகை போய்விடும். வட்டி கெடு நாளிலிருந்து ஓடாது, பொருள் வாங்கிய நாளிலிருந்து ஓடும். அதனால் மே 12 முதல் ஜூன் 6 வரை 26 நாட்கள், முழு 40,000-க்கும் வட்டி. ஜூன் 7 முதல் 18 வரை 12 நாட்கள், 38,000-க்கு. புதிதாக வாங்கிய 3,000-க்கும் முதல் நாளிலிருந்தே வட்டி, 18 நாட்கள். இந்த மூன்றாவது வரியைத்தான் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

```
40000 × 26 × 0.42 / 365 = 1196.71
38000 × 12 × 0.42 / 365 =  524.71
 3000 × 18 × 0.42 / 365 =   62.14
                          1783.56
GST 18%                 =  321.04
                          2104.60
```

ஸ்டேட்மெண்டில் இருந்த 1,783.56 அப்படியே வந்துவிட்டது. சில வங்கிகள் வாங்கிய தேதிக்குப் பதில் கணக்கில் ஏறிய தேதியை எடுப்பார்கள். அப்போது ஒன்றிரண்டு நாள் வட்டி முன்பின் வரும், அதற்காகப் பதற வேண்டாம். வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 42 என்று படித்தாலும் கையிலிருந்து போவது ஏறக்குறைய 49.6.

பையன் கட்டியது 2,000. வட்டியும் வரியுமாக ஏறியது 2,104.60. அதாவது, அந்த ஷூவை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கடன் குறைந்தபாடில்லை.

அடுத்த தவறு, எல்லாக் கார்டுக்கும் குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்வது. 43,104.60-இல் 5 சதவீதம் 2,155. ஆனால் பல கார்டுகளில் வட்டி, வரி, கட்டணங்கள் முழுவதையும் எடுத்து, அதன் மேல் மீதித் தொகையில் ஒரு பங்கைச் சேர்ப்பார்கள். அப்படிப் போட்டால் இங்கே 2,104.60-உடன் 41,000-இன் 5 சதவீதமான 2,050 சேர்ந்து 4,154.60 வரும். கார்டில் இஎம்ஐ ஓடினால் அந்த மாதத் தவணையும் முழுதாகச் சேரும். குறைந்தபட்சம் கட்டியும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி அதைக் கணக்கிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன. இவனுடைய ஸ்டேட்மெண்டில் வந்தது 2,155. ஏறிய 2,104.60-ஐ விட ஐம்பது ரூபாய் அதிகம், அவ்வளவுதான்.

எத்தனை மாதத்தில் முடியும் என்ற கேள்விக்கு அவன் போட்ட கணக்கு: 43,104-ஐ 2,155-ஆல் வகுத்தால் 20 மாதம். இதில் இரண்டு ஓட்டைகள். வட்டியே இல்லாமல் வகுத்தது ஒன்று. மாதா மாதம் அதே 2,155 கேட்பார்கள் என்று நினைத்தது மற்றொன்று. பாக்கி குறையும்போது குறைந்தபட்சமும் குறையும். மாதம் 5 சதவீதம் கட்டினால், வட்டியும் வரியுமாக 4.13 சதவீதம் திரும்ப ஏறிவிடும். நிகரமாகக் குறைவது சுமார் 1 சதவீதம். இனி அந்தக் கார்டைத் தொடவே இல்லை என்றாலும், கடன் பாதியாகவே 5 வருடத்துக்கு மேல் ஆகும்.

அதே 2,155-ஐ, வங்கி குறைத்துக் கேட்டாலும் குறைக்காமல் கட்டிக்கொண்டே வந்தால் 44 மாதத்தில் முடிந்துவிடும். எனக்கு இந்தக் கணக்கிலேயே பிடித்த இடம் இதுதான். ஆரம்பத்தில் தொகை ஒன்றேதான், பிடிவாதம் மட்டும்தான் வேறு. ஆனாலும் மொத்தமாக 93,000 அளவுக்குக் கட்ட வேண்டிவரும், ஆக அதுவும் மலிவில்லை. மாதம் 5,000 என்றால் என்ன ஆகும் என்று கூகுள் ஷீட்ஸில் போட்டுக் காட்டினேன்:

```
=NPER(0.035*1.18, -5000, 43104.60)
```

10.9 வருகிறது. அதாவது 11 மாதம், கடைசித் தவணை கொஞ்சம் குறைவு. மொத்தம் சுமார் 54,400. வட்டிக்கும் வரிக்கும் சுமார் 11,300. 1.18-ஐ விட்டுவிட்டால் வரி கணக்கில் வராது. 5000-க்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டாலோ விடை மைனஸில் வரும். இது மாதத்துக்கு ஒரு தரம் வட்டி போடும் தோராயக் கணக்கு என்பதால் வங்கியின் நாள் கணக்கோடு ரூபாய்க்கு ரூபாய் பொருந்தாது. அந்த 11 மாதமும் கார்டைத் தேய்க்கக் கூடாது என்பதும் இதற்குள் இருக்கிற நிபந்தனை.

அவன் கடைசியில் அம்மாவின் சீட்டுப் பணத்தை வாங்கி ஜூலை 8, கெடு நாளில், 43,104.60 முழுவதையும் கட்டிவிட்டான். அந்த 900 அடுத்த மாதக் கணக்கு. அன்றைக்கே அவனிடம் சொல்லி வைத்தேன்: அடுத்த ஸ்டேட்மெண்டில் மறுபடியும் வட்டி வரும், சண்டைக்குப் போகாதே என்று. ஜூன் 19 முதல் ஜூலை 7 வரை 19 நாட்கள் அந்தப் பாக்கி நின்றதே, 41,000 அசலுக்கு மட்டும் பார்த்தாலும் 896 ரூபாய், வரியோடு 1,058. அது ஜூன் ஸ்டேட்மெண்டில் வந்திருக்க முடியாது, ஏனென்றால் அந்த நாட்கள் அப்போது பிறக்கவே இல்லை.

ஜூலை 18 இரவு போன் வந்தது. "சித்தப்பா, நீங்க சொன்ன மாதிரியே வந்திருக்கு. இது எப்போ கட்டணும்?"

கெடு தேதிக்குள், முழுசா, என்றேன்.