முரண்போலத் தெரியும் வாதம்: இரண்டு கூற்றையும் காப்பாற்றும் ஒரு தகவலைத் தேடுவது எப்படி?

எல்சாட், ஜிமேட் போன்ற தேர்வுகளில் நாலைந்து வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்து, "இந்த முரணை எது விளக்கும்?" என்று கேட்பார்கள். ஒரு எடுத்துக்காட்டை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நூலகம், புத்தகத்தைத் திருப்பித் தரும் கெடுவை 14 நாளிலிருந்து 21 நாளாக நீட்டியது. ஆனால் கெடு தாண்டி வந்த புத்தகங்கள் மாதத்துக்கு 300 ஆக இருந்தது, 360 ஆக உயர்ந்துவிட்டது.

படி 1: நடுவே "இருந்தும்" போடுங்கள்

"கெடு நீண்டது, இருந்தும் தாமதமான புத்தகங்கள் கூடின." இவ்வளவுதான். இரண்டு பாதியையும் உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "கணக்கில் பிழை இருக்கும்" என்று ஒரு பாதியைத் தள்ளிவிட்டால் முரண் தீராது, காணாமல்தான் போகும். தொடக்கத்தில் பலரும் சறுக்குவது இங்கேதான்.

படி 2: உடைந்த எதிர்பார்ப்பைப் பிடியுங்கள்

நமக்கு ஏன் இது வியப்பாக இருக்கிறது? அவகாசம் கூடினால் தாமதம் குறையும் என்று நினைக்கிறோம். அந்த நினைப்புக்கு அடியில் சொல்லாத ஒன்று இருக்கிறது: இரவல் போகும் புத்தகங்கள் முன்போல அதே அளவுதான். பத்தி அப்படிச் சொல்லவே இல்லை. 300, 360 என்பவை எண்ணிக்கை. நம் எதிர்பார்ப்போ நூற்றுக்கு எத்தனை தாமதம் என்ற விகிதத்தைப் பற்றியது. எண்ணிக்கையும் விகிதமும் இப்படிக் கலந்து கிடந்தால், விடை பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் ஒளிந்திருக்கும்.

விடைகளைப் பார்க்கும் முன்பே, "இரவல் கூடியிருக்குமோ?" என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஊகம் தவறாகப் போனாலும் நட்டமில்லை.

படி 3: ஒவ்வொரு விடையையும் இரண்டு பாதியிலும் ஒட்டிப் பாருங்கள்

அ) கெடு நீட்டிப்பை ஊழியர்கள் சிலர் எதிர்த்தார்கள்.
ஆ) அதே மாதம் தாமதக் கட்டணமும் உயர்த்தப்பட்டது.
இ) கெடு நீண்டது பல வாசகர்களுக்குத் தெரியாது.
ஈ) அருகிலிருந்த இன்னொரு நூலகம் மூடப்பட்டு, அதன் உறுப்பினர்கள் இங்கே சேர்ந்தார்கள்.

"அ" எந்தப் பாதியையும் தொடவில்லை. "ஆ" முரணை இன்னும் இறுக்குகிறது. கட்டணம் கூடினால் தாமதம் மேலும் குறைந்திருக்க வேண்டும். விடைப் பட்டியலில் இப்படி எதிர்த்திசையில் இழுக்கும் ஒன்று அடிக்கடி வரும். பொருத்தமான தலைப்பில் பேசுவதால் அவசரத்தில் அதைத் தேர்ந்துவிடுவோம்.

ஏமாற்றுவது "இ"தான். விஷயம் தெரியாதவர்கள் பழைய வழக்கப்படியே 14 நாளுக்குள் கொண்டுவந்து கொடுப்பார்கள். 15ஆம் நாள் கொண்டுவந்தாலும் இப்போது அது தாமதமில்லை. ஆக, இந்தத் தகவலை ஏற்றாலும் தாமதம் குறைந்திருக்க வேண்டுமே தவிர, கூடியதற்குக் காரணம் கிடைக்கவில்லை.

"ஈ"யில் கெடுவும் நீண்டது, உறுப்பினர்களும் பெருகினார்கள், இரவலும் பெருகியது. ஆளாளுக்குத் தாமதம் குறைந்தாலும் மொத்த எண்ணிக்கை கூடலாம். இரண்டு கூற்றுமே நிற்கின்றன.

படி 4: எண்ணைப் போட்டுச் சோதியுங்கள்

முன்பு மாதத்துக்கு 2000 புத்தகங்கள் இரவல் போயின என்று வையுங்கள். 300 தாமதம் என்றால் 15 விழுக்காடு. இப்போது 3000 போகிறது என்றால் 360 என்பது வெறும் 12 விழுக்காடு. விகிதம் இறங்கியிருக்கிறது, எண்ணிக்கை ஏறியிருக்கிறது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு: இரவல் 2400ஐத் தாண்டினால்தான் விகிதம் 15க்குக் கீழே வரும். 2200 மட்டுமே என்றால் 360 என்பது 16 விழுக்காட்டுக்கும் மேல். அப்போது இந்த விளக்கம் போதாது. தேர்வில் விடை இந்த எண்ணைத் தராது, தரவும் வேண்டாம். "இது உண்மையானால் விளக்க முடியுமா?" என்பது மட்டுமே கேள்வி, நடந்ததா என்று நிரூபிக்கச் சொல்லவில்லை.

நிஜத்திலும் இதன் உறவுக்காரன் ஒன்று உண்டு. 1973இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் முதுநிலைச் சேர்க்கையில், விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் சுமார் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. துறை துறையாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் பெண்களுக்கு எதிரான குறிப்பிடத்தக்க சாய்வு தென்படவில்லை. இரண்டையும் இணைத்த தகவல் இது: இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குத்தான் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள்.