எஸ்.ஐ.பி. தொகையை ஆண்டுதோறும் உயர்த்துவது எப்படி?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவரால் மாதம் 5,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஏலச்சீட்டு கட்டிப் பழகியவருக்கு, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் போடும் முறையான எஸ்.ஐ.பி.யில் பாதி ஏற்கெனவே தெரியும்: மாதம் தவறாமல் கட்ட வேண்டும். ஆனால் சீட்டைப் போல முடிவில் இவ்வளவு தொகை என்று இங்கே யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

கட்டும் பணத்துக்கு மியூச்சுவல் ஃபண்டின் யூனிட்டுகள் கிடைக்கும். யூனிட் விலை 50 ரூபாய் என்றால் 5,000 ரூபாய்க்கு 100 யூனிட். அடுத்த மாதம் சந்தை சரிந்து விலை 40 ஆனால் அதே பணத்துக்கு 125. இரண்டு மாதத்தில் 225 யூனிட். சராசரி விலை ஏறத்தாழ 44 ரூபாய் 44 காசு.

முதலில் பான், ஆதார் கொண்டு கே.ஒய்.சி.யை முடியுங்கள். புதியவர்களுக்கு, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டு போதும் என்பது என் கருத்து. சம்பளம் 7ஆம் தேதி வருமானால் எஸ்.ஐ.பி.க்கு 10ஆம் தேதியைக் கொடுங்கள்.

பதிவு செய்யும்போதே ‘டாப்-அப்’ அல்லது ‘ஸ்டெப்-அப்’ என்ற வசதியில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று குறியுங்கள். சம்பள உயர்வு கைக்கு வரும் மாதத்தை ஒட்டித் தொகை உயர்ந்தால் சுமை தெரியாது. இரண்டாம் ஆண்டு 5,500, மூன்றாம் ஆண்டு 6,050 என்று போய், 15ஆம் ஆண்டில் மாதத் தொகை ஏறத்தாழ 19,000 ஆகிவிடும்.

பலர் சறுக்குவது வங்கி அனுமதியில்தான். தானாகப் பணம் எடுக்க வங்கிக்குத் தரும் அனுமதியில் உச்சவரம்பை 5,000 என்று போட்டால், இரண்டாம் ஆண்டின் 5,500 கேட்கும்போது வங்கி மறுத்துவிடும். 20,000 என்று போடுங்கள். எடுக்கப்படுவது அந்தந்த மாதத் தொகை மட்டுமே. உயர்வு வந்த மாதம் பாஸ்புக்கையும் ஃபண்டு கணக்கு அறிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கோளாறு உடனே தெரிந்துவிடும்.

மாதம் 1 சதவீத வளர்ச்சி என்ற அனுமானத்தில் 15 ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். தொகையை மாற்றாமல் கட்டினால் போட்ட பணம் 9 லட்சம். அது சுமார் 25.2 லட்சமாகும். 10 சதவீதம் உயர்த்தினால் போட்ட பணம் சுமார் 19 லட்சம், அது 43.4 லட்சமாகும். சந்தை இப்படிச் சீராக ஏறாது, இறங்கும் ஆண்டுகளும் உண்டு.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்று இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முதல் வகையில் கட்டிய பணம் 2.8 மடங்கானது; இரண்டாவதில் ஏறத்தாழ 2.3 மடங்கு மட்டுமே. பின்னால் சேர்த்த ரூபாய்க்கு வளர நாள் குறைவு. உயர்த்துவதால் வளர்ச்சி விகிதம் கூடுவதில்லை, வளரும் பணம்தான் கூடுகிறது. எனவே ‘பிறகு உயர்த்திக் கட்டலாம்’ என்று சிறு தொகையில் தொடங்குவதைவிட, முடிந்த அளவு பெரிய தொகையில் தொடங்கி அதன்மேல் உயர்த்துவதே கணக்குக்குச் சரி.

சம்பளம் ஆண்டுக்கு 6 சதவீதம்தான் கூடுகிறது என்றால் 5 சதவீத உயர்வு போதும். ஏற்கெனவே ஓடும் எஸ்.ஐ.பி.யில் உயர்த்தும் வசதி இல்லையென்றால் அதை நிறுத்த வேண்டியதில்லை. அதே ஃபண்டில் 500 ரூபாய்க்கு இன்னொன்றைத் தொடங்கிக்கொள்ளலாம்.